'எவ்வளவு' என்று கேட்காதே, 'எதற்கு' என்று கேள்

போன பருவத்தில் ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு தங்கை எனக்கு போன் செய்தாள். திண்டுக்கல் பக்கத்துக் கிராமம். அப்பா பேகம்பூர் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். இப்போது சமூகவியலில் எம்.ஏ. படிக்கிறாள். பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமாம், பார்த்துச் சொல்லச் சொன்னாள். வாட்ஸ்அப்பில் வந்தது ஒரே வரி: "ஐயா, அசைன்மென்ட் எழுத ஏ.ஐ. எவ்வளவு பயன்படுத்தலாம்?"

எழுதிவிட்டாள், அனுப்பத்தான் கை வரவில்லை. "அக்கா, இதக் கேட்டா நான் ஏற்கெனவே பண்ணிட்டேன்னு நெனச்சிருவாரோ?" என்றாள்.

பயம் நியாயமானதுதான். பேராசிரியர்களோடு கேன்டீனில் நின்று டீ குடிக்கிற பிள்ளைகள் இந்தக் கேள்வியைப் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுவார்கள். வீட்டில் ஒருவர் கல்லூரியில் வேலை பார்த்தால் கேட்கவே வேண்டியதில்லை. எழுதி வைக்காத விதிகள் எல்லாம் அப்படித்தான், தெரிந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் எழுத்தில் கேட்க வேண்டும். எழுத்தில் கேட்டால் அது ஒப்புதல் வாக்குமூலம் போலத் தெரியும். இருபத்தைந்து மதிப்பெண் இன்டர்னல் அவர் கையில் இருக்கிறது.

ஆனாலும் அந்த வரியை அப்படியே அனுப்ப வேண்டாம் என்றேன். பயத்துக்காகச் சொல்லவில்லை. கேள்வியிலேயே ஒரு கோளாறு இருந்தது. 'எவ்வளவு' என்று கேட்டால் யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. "கொஞ்சமாக" என்று பதில் வரும். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்பதை மதிப்பெண் போடும் நாளில் அவர் முடிவு செய்வார்.

அவளிடம் ஒரு எண் ஏற்கெனவே இருந்தது. "பத்து சதவீதம் வரைக்கும் போலாம்னு சொல்றாங்கக்கா." இதை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன், ஆராய்ச்சி மாணவர்கள்கூடச் சொல்கிறார்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறைகள் கொண்டுவந்தது. ஓர் ஆய்வேடு ஏற்கெனவே வெளியான எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை வைத்து அது நான்கு படிகளை வகுக்கிறது. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. ஊரில் உலவும் 'பத்து சதவீதம்' இதுதான்.

இதில் இரண்டு விஷயங்களை யாரும் சொல்வதில்லை. ஒன்று, அந்த எண் அளப்பது ஒப்புமையை. உன் வாக்கியம் வேறொருவர் புத்தகத்திலோ கட்டுரையிலோ இருக்கிறதா என்று தேடி, இருந்தால் இன்ன இடத்தில் இருக்கிறது என்று காட்டும். எந்திரம் எழுதியதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாட்ஜிபிடி மக்கள் கைக்கு வந்தது 2022 நவம்பர் கடைசியில், விதி அதற்கு நான்கு ஆண்டு மூத்தது. இரண்டு, அந்த விதிமுறை எந்த எழுத்துகளுக்குப் பொருந்தும் என்று வரையறுக்கும் இடத்தில், அசைன்மென்ட், பருவக் கட்டுரை, பாடநெறி வேலை, விடைத்தாள் ஆகியவற்றை வெளிப்படையாக விலக்கியிருக்கிறது. அசைன்மென்டுக்கு அந்தப் பத்து சதவீதமும் கிடையாது, அந்தத் தண்டனையும் கிடையாது. அங்கே சட்டம் என்பது கல்லூரி எழுதி வைத்திருப்பது. கல்லூரி எழுதவில்லை என்றால் பாடம் எடுப்பவர் சொல்வது. அதனால்தான் அவரிடம் கேட்டாக வேண்டியிருக்கிறது.

"அப்ப எப்படிக்கா கேக்குறது?"

அசைன்மென்டை அதன் வேலைகளாகப் பிரி என்றேன். களஆய்வு முறைகள் என்ற தாளுக்கு ஆங்கிலத்தில் 2000 சொல் கட்டுரை. அவள் எடுத்த பொருள் ஓய்வுபெற்ற தோல் ஷாப் தொழிலாளர்களின் ஊர் நினைவுகள். நான்கு பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்திருந்தாள். இதற்குள் எத்தனை வேலை இருக்கிறது என்று எண்ணினோம். கேள்விகளைத் தயாரிப்பது, பதிவைக் கேட்டுத் தமிழில் எழுதுவது, அதை ஆங்கிலமாக்குவது, ஏற்கெனவே வந்த ஆய்வுகளைப் படிப்பது, வாதத்தை அமைப்பது, எழுதுவது, இலக்கணம் திருத்துவது, மேற்கோள் பட்டியல் போடுவது. எட்டு வேலைகள். ஒவ்வொன்றிலும் எந்திரம் வேறு விதமாக உதவுகிறது, வேறு விதமாகக் கெடுக்கிறது. ஒரே பதில் எட்டுக்கும் எப்படிப் பொருந்தும்?

இதில் மொழிபெயர்ப்பைத்தான் அவள் ரொம்பச் சாதாரணமாக நினைத்திருந்தாள். ஆங்கிலம்தானே நமக்குப் பிரச்சினை, அதை எந்திரம் பார்த்துக்கொள்ளட்டும் என்று. ஒரு பெரியவர் சொன்னதை முதலில் போட்டுப் பார்த்தோம்: "ஊருக்குள்ள போனா சைக்கிள விட்டு எறங்கித்தான் உருட்டிட்டுப் போகணும்." சுத்தமான ஆங்கிலத்தில் வந்தது. 'ஊர்' மட்டும் 'டவுன்' ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் அதைப் படிப்பவர், நகரத்துக்குள் போக்குவரத்து நெரிசலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார் என்றுதான் நினைப்பார். ஊர் வேறு சேரி வேறு என்பது தெரிந்தவருக்குத்தான் அந்த வாக்கியத்தில் தீண்டாமை இருப்பது தெரியும்.

அடுத்த பக்கத்தில் 'சேரி' வந்தது. அது 'ஸ்லம்' ஆனது. சென்னையின் குடிசைப் பகுதியையும் திண்டுக்கல் கிராமத்தின் சேரியையும் ஒரே சொல் மூடிவிட்டது. முன்னது வறுமையின் பெயர், பின்னது சாதியின் பெயர். 'காலனி' அப்படியே 'காலனி' என்று நின்றது. ஆங்கிலத்தில் அது குடியிருப்பு, போனால் பிரிட்டிஷ் குடியேற்றம். நம் ஊரில் "காலனிப் பையன்" என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சொல்லில் வசை இருப்பதால்தான் அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். எந்திரத்தின் ஆங்கிலத்தில் அந்த வசை இல்லவே இல்லை.

இன்னொரு பெரியவர், "சின்னப் பையன்கூட எங்கப்பாவ வாடா போடாம்பான்" என்றிருந்தார். ஆங்கிலத்தில் 'நீ'யும் 'நீங்க'வும் ஒன்று. அங்கே 'டா' கிடையாது. "இளைஞர்களும் என் தந்தையிடம் மரியாதையின்றிப் பேசுவார்கள்" என்ற பொருளில் வந்தது. எந்த ஊரிலும் எந்தப் பிள்ளைக்கும் பொருந்துகிற வாக்கியம். "கல்வித்துறை நடையில் மாற்று" என்று கேட்டால் இன்னும் மோசம். "அவங்க எங்கள உள்ள விடல" என்பது "நுழைவு அனுமதிக்கப்படவில்லை" என்றாகிவிடுகிறது. விடாதது யார் என்பதே வாக்கியத்திலிருந்து போய்விட்டது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் வைத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தை மட்டும் பார்த்துத் திரும்பத் தமிழாக்கிப் பார்க்க வேண்டும். போன 'ஊர்' திரும்பி வருகிறதா? 'டா' வருகிறதா? விடாதவர்கள் வருகிறார்களா? வராத இடத்தில் தமிழ்ச் சொல்லையே ஆங்கில வாக்கியத்துக்குள் விட்டுவிட்டு அடுத்த வரியில் விளக்கலாம். களஆய்வு முறைகள் என்ற தாள் மாணவருக்குக் கற்றுத்தர வேண்டியது இந்த வேலையைத்தான். அதை எந்திரத்திடம் கொடுத்தால் அவள் கையில் மிஞ்சுவது தட்டச்சு மட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பெரியவர்கள் பேசியது அவளை நம்பி. பெயர், தெரு, யார் யாரை என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது. அதை அப்படியே ஒரு கம்பெனியின் எந்திரத்தில் ஒட்டினால் அது அவள் கையை விட்டுப் போகிறது. அதற்கு அவர்கள் சம்மதம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

நாங்கள் எழுதிய மின்னஞ்சலின் தமிழ் வடிவம் இது.

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் எம்.ஏ. இரண்டாம் பருவ மாணவி. களஆய்வு முறைகள் தாளுக்கு இம்மாதக் கடைசியில் தர வேண்டிய கட்டுரை குறித்து எழுதுகிறேன். நான்கு பேரிடம் பேட்டி எடுத்து, பதிவுகளை நானே கேட்டுத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். இனிவரும் வேலைகளில் ஏ.ஐ. கருவியைப் பயன்படுத்துவது பற்றி உங்கள் விதியை அறிய விரும்புகிறேன்.

1. கடினமான ஆங்கிலக் கட்டுரைகளைப் படிக்கும்போது புரியாத பத்திக்குத் தமிழில் விளக்கம் கேட்கலாமா?
2. நானே ஆங்கிலத்தில் எழுதி முடித்த பிறகு இலக்கணப் பிழைகளை மட்டும் திருத்தச் சொல்லலாமா?
3. மேற்கோள் பட்டியலை நீங்கள் சொன்ன முறையில் வரிசைப்படுத்தச் சொல்லலாமா?
4. பெயர்களையும் ஊர்களையும் நீக்கிவிட்டு, பேட்டிகளின் முதல் மொழிபெயர்ப்பைச் செய்யச் சொல்லலாமா?

இவற்றில் எது கூடும், எது கூடாது? பயன்படுத்தினால் கட்டுரையில் எங்கே குறிப்பிட வேண்டும்? ஒலிப்பதிவும் கையெழுத்துப் படிகளும் என்னிடம் உள்ளன. கேட்டால் கொண்டுவந்து காட்டுகிறேன்."

இது ஒப்புதல் வாக்குமூலம் போல இல்லை என்பதைக் கவனியுங்கள். என்ன முடிந்தது, என்ன பாக்கி, எது என் கையில் இருக்கிறது என்று சொல்கிற ஒரு தொழிலாளியின் கடிதம் போல இருக்கிறது. ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகள். நாளை ஏதாவது சிக்கல் வந்தால், தேதியோடு இருக்கிற சான்றும் இதுதான்.

நான்காவது நாள் பதில் வந்தது. முதல் மூன்றும் கூடும், நான்காவது கூடாது, அந்தத் தாள் கற்றுத்தருவதே அதைத்தான், பயன்படுத்தியதைக் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியில் எழுதினால் போதும் என்று. மறுநாள் வகுப்பில் எல்லோருக்கும் அதையே சொன்னாராம். அதுவரை யாரும் கேட்கவில்லையாம்.

மூன்றாவதில் மட்டும் அவளுக்கு ஒரு எச்சரிக்கை சொன்னேன். உன்னிடம் இருக்கிற பட்டியலை வரிசைப்படுத்தச் சொல், புதிதாக நூல் கேட்காதே. கேட்டால் உண்மையான ஆய்வாளர் பெயரைப் போட்டு, அவர் எழுதாத நூலைத் தரும். தலைப்பும் ஆண்டும் பதிப்பகமும் கச்சிதமாக இருக்கும். நூலகப் பட்டியலிலோ சோத்கங்காவிலோ தேடிக் கிடைக்காத எதையும் எழுதாதே.

பதில் நல்லபடி வந்துவிட்டது. ஆனால் எல்லாப் பேராசிரியரும் இவர் அல்ல. பல இடங்களில் கட்டுரையை ஏ.ஐ. கண்டறியும் மென்பொருளில் போட்டு, வருகிற சதவீதத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறார்கள். 2024இல் ஹரியானாவின் சோனிபட்டில் உள்ள ஓ.பி. ஜிண்டல் குளோபல் பல்கலைக்கழகத்தில் சட்ட முதுகலை மாணவர் ஒருவரின் விடைகள் 88 சதவீதம் ஏ.ஐ. எழுதியவை என்று சொல்லி, அவரை ஒரு தாளில் தோல்வி என்று அறிவித்தார்கள். நானே எழுதியது என்றார் அவர். பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஏ.ஐ. கூடாது என்று விதி எங்கே, நான் பயன்படுத்தினேன் என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டார். நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. பிறகு பல்கலைக்கழகமே முடிவை மாற்றி அவரைத் தேர்ச்சி ஆக்கியதாகத் தெரிவிக்க, அந்த நவம்பரில் வழக்கு முடிந்தது. அவர் எழுப்பிய கேள்விகளுக்குத் தீர்ப்பு வரவில்லை. அவருக்குச் சட்டம் தெரியும், உயர் நீதிமன்றம் போக முடிந்தது. இருபத்தைந்து மதிப்பெண் இன்டர்னலுக்காக நம் பிள்ளைகளில் யார் மதுரைக் கிளைக்குப் போக முடியும்?

அந்தச் சதவீதம் எப்படி வருகிறது என்று புரிந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் புரியும். ஒப்புமை அறிக்கையில் மூலம் இருக்கும், அதைத் திறந்து பார்த்து மறுக்கலாம். ஏ.ஐ. சதவீதத்தில் மூலம் எதுவும் இல்லை. பல கருவிகள் முக்கியமாகப் பார்ப்பது, அடுத்த சொல் எவ்வளவு எளிதாக ஊகிக்கக்கூடியதாக இருக்கிறது என்பதைத்தான். எளிய சொற்கள், பழகிய வாக்கிய அமைப்பு என்றால் எந்திரம் என்று சொல்லும். இரண்டாம் மொழியாக ஆங்கிலம் படித்தவர்கள் எப்படி எழுதுவார்கள்? எளிய சொல்லில், பள்ளியில் மனப்பாடமான அமைப்பில்.

ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் 2023இல் இதைச் சோதித்து 'பேட்டர்ன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டார்கள். எல்லாம் மனிதர் எழுதியவை. சராசரியாக 61 சதவீதத்துக்கு மேல் எந்திரம் எழுதியது என்று தவறாகக் காட்டின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளை அதே கருவிகள் கிட்டத்தட்டச் சரியாகவே கணித்தன. பிறகு அந்த டோஃபல் கட்டுரைகளின் சொற்களைத் தாய்மொழிக்காரர் போல மெருகேற்றச் சொல்லி சாட்ஜிபிடியிடம் கொடுத்தார்கள். தவறான குற்றச்சாட்டு வெகுவாகக் குறைந்துவிட்டது. அதாவது தானே எழுதியவர் மாட்டுகிறார், எந்திரத்தால் மெருகேற்றியவர் தப்புகிறார்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ தானே ஒரு கண்டறியும் கருவியை 2023 தொடக்கத்தில் வெளியிட்டது. எந்திர எழுத்தில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனித எழுத்தில் 9 சதவீதத்தை எந்திரம் என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அந்த ஜூலையிலேயே எடுத்துவிட்டார்கள். அந்த 9 சதவீதத்தை நம் வகுப்பறையில் வைத்துப் பாருங்கள். அறுபது பேரும் நேர்மையாக எழுதியிருந்தாலும் ஐந்து பேர் குற்றவாளி ஆவார்கள். அந்த ஐந்து பேர் யாராக இருக்கும் என்பதைத்தான் ஸ்டான்போர்ட் ஆய்வு சொல்கிறது. கான்வென்டில் படித்தவர்கள் அல்ல.

இங்கே நம் தோழர்கள் சிலர் சொல்வதையும் பேச வேண்டும். "அவர்கள் வீட்டில் ஆங்கிலம் திருத்திக்கொடுக்க அப்பா இருந்தார், சித்தப்பா இருந்தார். அதை யாரும் மோசடி என்று சொல்லவில்லை. இப்போது நமக்கு ஒரு எந்திரம் கிடைத்திருக்கிறது. அதற்கு எதற்கு அனுமதி?" என்கிறார்கள். முதல் பாதியோடு எனக்கு முழு உடன்பாடு. முழுத் தடை என்பது வீட்டில் சித்தப்பா இருப்பவருக்கு மட்டும் வசதியான விதி. இலக்கணத் திருத்தத்துக்கு அனுமதி கேட்டது அதனால்தான். ஆனால் ஊர் 'டவுன்' ஆவதை நாம் ஏற்றுக்கொண்டால், நம் பெரியவர்களின் சாட்சியத்தை நாமே அழிக்கிறோம். சித்தப்பா இலக்கணம் திருத்துவார், சைக்கிளை விட்டு இறங்கியது ஏன் என்பது அவருக்குத் தெரியாது. எந்திரத்துக்கும் தெரியவில்லை. அது தெரிந்த ஒரே ஆள் அந்த வகுப்பில் இவள்தான்.

உதவி வாங்கியதை வெளியில் சொன்னால் மதிப்புக் குறையுமோ என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. அம்பேத்கர் 1923இல் லண்டனில் வெளியிட்ட ரூபாய்ப் பிரச்சினை குறித்த நூலின் முன்னுரையைப் பாருங்கள். பேராசிரியர் எட்வின் கேனன் தன் வேலையை நெருக்கமாக மேற்பார்வை செய்ததையும், அவருடைய கடுமையான பரிசீலனை பல பிழைகளிலிருந்து காப்பாற்றியதையும் சொல்கிறார். நூலின் கருத்துகளுக்கு அவர் பொறுப்பல்ல என்றும் சொல்கிறார். அச்சுப்படி திருத்தித் தந்த வில்சன் கல்லூரிப் பேராசிரியர் வாடியாவுக்கும் நன்றி சொல்கிறார். யார் எந்த வேலையைச் செய்தார்கள், பொறுப்பு யாருடையது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. அசைன்மென்டின் கடைசிப் பக்கத்துக்கும் இதே முறை போதும். அந்தத் தங்கை எழுதியது: "ஆங்கில இலக்கணத்தைத் திருத்தவும் மேற்கோள் பட்டியலை வரிசைப்படுத்தவும் ஏ.ஐ. கருவியைப் பயன்படுத்தினேன். பேட்டி, எழுத்துப்படி, மொழிபெயர்ப்பு, வாதம் என்னுடையவை. பிழைகளும் என்னுடையவை."

பேராசிரியர்களிடம் கேட்க இரண்டு விஷயம் இருக்கிறது. பருவத் தொடக்கத்தில் தாளின் பாடத்திட்டத்தைக் கொடுக்கும்போதே, எந்த வேலைக்கு எந்திரம் கூடும், எதற்குக் கூடாது என்று ஐந்து வரி எழுதிக் கொடுங்கள். பயந்துகொண்டே இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு பிள்ளை கேட்டுத்தான் தெரிய வேண்டும் என்று வைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் சதவீதத்தை வைத்து மதிப்பெண்ணைக் குறைக்காமல், மாணவரை அழைத்துப் பத்து நிமிடம் பேசுங்கள், அவருக்கு வருகிற மொழியில். பேட்டி எடுத்தவருக்கு அந்தப் பெரியவரின் குரல் நினைவிருக்கும். எந்திரத்தை எழுத வைத்தவருக்கு எதுவும் நினைவிருக்காது. தமிழில் கேட்டால் இரண்டே கேள்வியில் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் கேட்டால் தெரியவருவது அவருடைய ஆங்கிலம் மட்டும்தான்.

தம்பி தங்கைகளே, பதில் வராது என்று நினைத்து மின்னஞ்சலை அனுப்பாமல் இருக்காதீர்கள். வேலையைப் பிரித்து எழுதுங்கள், முடித்ததைச் சொல்லுங்கள், கேள்விக்கு எண் போடுங்கள். ஒரு வாரத்தில் பதில் வரவில்லை என்றால் அதையே மறுபடி அனுப்புங்கள். எழுத்துப்படியையும் ஒலிப்பதிவையும் பழைய வரைவுகளையும் தேதியோடு பத்திரமாக வையுங்கள்.

அவள் கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் அந்தப் பெரியவர் இப்போதும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறார். ஆங்கில வாக்கியம்தான், ஆனால் அவர் போகிற இடம் 'ஊர்' என்றே இருக்கிறது. அடுத்த மூன்று வரி அது ஏன் என்று விளக்குகிறது. அந்த மூன்று வரியை அவளே எழுதினாள்.